பூட்டிய அறை வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தம்பி ஒருவன் என் பழம்பொருள் கடைக்கு வந்தான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாங்கட்டு அறையில் உள்ள சாமானைப் பார்க்காமலே மொத்தமாக விலை பேசியிருக்கிறான். வருஷக்கணக்கில் திறக்காத அறை, கேட்கிற விலை 4 லட்சம். "அண்ணே, உள்ளே நல்ல பழைய தஞ்சாவூர்ப் படங்கள் இருந்தா 60 லட்சம் போகும். இல்லேன்னா பித்தளை, எனாமல், மரச்சாமான் எல்லாம் சேர்த்து 40 ஆயிரம். படம் இருக்க நூத்துக்குப் பத்து வாய்ப்புன்னு வைங்க" என்று ஃபோனில் கணக்கைக் காட்டினான்.

60 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு 6 லட்சம். 40 ஆயிரத்தில் பத்தில் ஒன்பது பங்கு 36 ஆயிரம். ஆக எதிர்பார்ப்பு மதிப்பு 6 லட்சத்து 36 ஆயிரம். 4 லட்சம் போட்டால் சராசரி லாபம் 2 லட்சத்து 36 ஆயிரம். பெருக்கலில் பிழை ஏதும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

சராசரியை நம்பி முழு முதலையும் போடுவது

அப்போது என் கையில் இருந்த முதலே 4 லட்சம்தான். மொத்தத்தையும் கொடுத்து ஒரு அறையை வாங்கினேன். படங்கள் இருந்தன, எல்லாம் கரையான் அரித்தவை. தொட்டால் பலகை மாவாக உதிர்ந்தது. மிச்சச் சாமான் 38 ஆயிரத்துக்குப் போனது. அதைவிட வலித்தது அடுத்த மாதம் நடந்தது. இன்னொரு வீட்டில் பர்மா தேக்குக் கதவுகள் கண்ணெதிரே நியாய விலைக்கு வந்தன, வாங்கக் கையில் பணம் இல்லை.

நூறு பேர் ஆளுக்கு ஓர் அறை வாங்கினால் பத்துப் பேர் பணக்காரர் ஆவார்கள், தொண்ணூறு பேர் கடையைச் சாத்துவார்கள். எல்லோரையும் கூட்டி வகுத்தால் லாபம் வரும். ஆனால் அந்தப் பத்துப் பேரின் பணம் மற்றவர்கள் கல்லாவுக்கு வராது. எனக்கு அந்தச் சராசரி கிடைக்க வேண்டுமானால் நானே பல அறைகள் வாங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கையில் முதல் மிஞ்ச வேண்டும்.

பத்து வாய்ப்பில் ஒன்று என்பதே உண்மையாக இருந்தாலும், முதல் பத்து அறையிலும் ஒன்றும் கிடைக்காமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு. படம் இல்லாத அறையில் போட்டதில் பத்தில் ஒரு பங்கு சாமானாகத் திரும்பும். அப்படியும், ஒவ்வொரு முறையும் கையிருப்பில் பாதியைப் போடுகிறவனின் 4 லட்சம் அந்தப் பத்து முறையில் சுமார் ஆயிரம் ரூபாயாகிவிடும். இருபதில் ஒரு பங்கு போடுகிறவனிடம் இரண்டரை லட்சம் மிஞ்சும்.

கைமுதல் நீண்ட காலத்தில் வேகமாக வளர ஒரு தடவைக்கு எவ்வளவு போடலாம் என்பதற்கு 1956-ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி கண்டார். தம்பியின் எண்களை அதில் போட்டால் வருவது கைமுதலில் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 4 லட்சம் முதல் வைத்திருப்பவன் 20 ஆயிரத்துக்கு மேல் போகக் கூடாது. லாபமான பேரம்தான், ஆனால் பங்குக்கு ஆள் சேர்த்து வாங்க வேண்டிய பேரம். இதைச் சொன்னால் "லாபம்னு தெரிஞ்சும் ஏன் பயப்படணும்?" என்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது அந்தப் "பயம்" என்ற பேச்சில்தான்.

"பத்து சதவீதம்னு வைங்க"

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். போட்ட 4 லட்சம் சராசரியாகத் திரும்ப வரவே படம் இருக்கும் வாய்ப்பு 6 சதவீதம் வேண்டும், நூறு அறையில் ஆறு. என் நோட்டில் இதுவரை 40 பூட்டிய அறைகள், நல்ல படம் கிடைத்தது ஒன்றில். நாற்பது என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நோட்டே இல்லாதவன் சொல்லும் பத்தைவிட இது மேல். பரிசு பெரிதாக இருக்கும்போது வாய்ப்பில் செய்கிற சின்னப் பிழையும் 60 லட்சத்தால் பெருக்கப்படுகிறது. பத்தை ஐந்தாக்கினாலே பேரம் நஷ்டம்.

கதை கூடக் கூட நம்பிக்கை கூடுவது

"ஐயா மைசூர் போயிருந்தார், அங்கே படம் வாங்கினார், இந்த அறையில்தான் வைத்தார்": கேட்கக் கேட்க நம்பத் தோன்றும். ஆனால் மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு சேர்க்கையும் வாய்ப்பைக் குறைக்கும்.

இதுவரை நடக்காததைச் சுழி என்று எழுதுவது

நோட்டுக்கும் எல்லை உண்டு. 1941-ல் ரங்கூனில் லேவாதேவி நடத்தியவரின் பேரேட்டில் ஜப்பான் படையெடுப்புக்கு ஒரு வரி இருந்திருக்காது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது.

என் கிட்டங்கியில் 12 லட்சம் சரக்கு, பெரும்பாலும் மரம். ஒரு வருஷத்தில் தீப்பிடிக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால் சராசரி நஷ்டம் வருஷத்துக்கு 1,200 ரூபாய். தீ இன்சூரன்ஸ் பிரீமியம் வருஷத்துக்கு 2,000. "வருஷம் 800 ரூபாய் தண்டம்" என்று மைத்துனர் சொல்கிறார், சராசரிப்படி அது சரி. ஆனால் 12 லட்சம் எரிந்தால் எனக்கு மறுபடி கடை இல்லை, அதனால் கட்டுகிறேன். மிக்ஸிக்குக் கூடுதல் வாரண்டி எடுப்பதில்லை, கெட்டால் கையிலிருந்து போட்டுக்கொள்வேன்.

தம்பி பங்குக்கு நான்கு பேரிடம் பேசியிருக்கிறான். இன்னும் ஆள் வேண்டும்.