ஜெல் குறைந்தால் அழுத்திச் சரிசெய்யாதீர்கள்: அல்ட்ராசவுண்டில் கை செய்யும் தவறுகள்

நோயாளியின் தொடை இடுக்கில், அல்ட்ராசவுண்ட் கருவியின் கையடக்க முனையான புரோபை வைத்திருந்த பயிற்சி மாணவி, "தமனி தெரிகிறது, சிரையைத்தான் காணவில்லை" என்றார். காலில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வந்த நோயாளிக்குச் சிரையையே காணவில்லை என்றால் பரிசோதனை அங்கேயே நின்றுவிடும். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கினேன். துடித்துக்கொண்டிருந்த தமனிக்குப் பக்கத்தில், உட்தொடைப் புறமாக ஒரு கரிய வட்டம் மெல்ல விரிந்து வந்தது. சிரை அங்கேயேதான் இருந்தது. அவருடைய கைதான் அதை நசுக்கி மூடியிருந்தது.

ஏன் அவ்வளவு அழுத்தினீர்கள் என்று கேட்டேன். படத்தின் வலது ஓரம் இருண்டு கிடந்ததாம், அழுத்தினால் வெளிச்சம் வரும் என்று நினைத்தாராம். அந்த ஓரத்தில் தோலின் மேல் ஜெல்லே இல்லை. புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த இரட்டைத் தவறுதான்: முதலில் ஜெல்லில் கஞ்சத்தனம், பிறகு அதை மறைக்க அழுத்தம்.

படம் எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால் இரண்டும் ஏன் தவறு என்று புரிந்துவிடும். புரோபின் முகத்தில் வரிசையாக இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒரு கணம் அதிர்ந்து ஒலித்துடிப்பை உடலுக்குள் அனுப்புகின்றன. பிறகு அமைதியாகி, திரும்பி வரும் எதிரொலிக்குக் காத்திருக்கின்றன. மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கருவி வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில், ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மைக்ரோநொடி ஆகும். 39 மைக்ரோநொடி கழித்து எதிரொலி வந்தால் கருவி 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளி வைக்கிறது. எதிரொலி வலுவாக இருந்தால் வெள்ளைப் புள்ளி, மெலிவாக இருந்தால் சாம்பல், ஒன்றுமே வராவிட்டால் கருப்பு. இரத்தம் மிகக் குறைவாகவே எதிரொலிப்பதால் இரத்தக்குழாய்கள் கருப்பாகத் தெரிகின்றன. இப்படிக் கோடு கோடாகக் கேட்டு அடுக்குவதுதான் படம்.

எதிரொலி எழுவது இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில். கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவே திரும்பும். மீதி உள்ளே போய் அடுத்த எல்லையைத் தேடும். இந்தச் சிக்கனம்தான் ஆழத்தில் இருப்பதையும் காணவைக்கிறது. காற்றில் கதையே வேறு. திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் 99.9 சதவீதம் திரும்பிவிடும். தோலுக்கும் புரோபுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் ஒலி வாசலிலேயே திரும்பிவிடும். புரோப் வழுக்கிக்கொண்டு நகரத்தான் ஜெல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஜெல்லின் உபரிப் பயன். காற்றை வெளியேற்றி, அந்த இடத்தை ஒலிக்கு ஏறக்குறைய திசுவைப் போலவே தோன்றும் ஒரு நீர்ப்பொருளால் நிரப்புவதுதான் அதன் வேலை. தண்ணீராலும் இது முடியும். விரல்களை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, புரோபைத் தோலில் படாமலே பிடித்துப் பார்க்கும் முறை உண்டு. தொடையில் ஊற்றினால் வழிந்தோடிவிடும் என்பதால்தான் கெட்டியான ஜெல்.

இருள் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். படத்தின் உச்சியில், தோலின் மட்டத்திலிருந்தே கருப்புப் பட்டை இறங்கினால் அது தொடர்பு அறுந்ததன் அடையாளம். அதன் தலைப்பில் சம இடைவெளியில் சில வெள்ளைக் கோடுகளும் தெரியலாம். ஒலி புரோபின் முகத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் மோதுவதால் வருபவை அவை. மாறாக, நல்ல படம் ஓரளவு ஆழம் வரை வந்து, பளிச்சென்ற ஒரு கோட்டுக்குக் கீழே இருள் தொடங்கினால் அது எலும்பு அல்லது கல்லின் நிழல். முதல் வகைக்கு மருந்து ஜெல் மட்டுமே. எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் கூட்டினால் இருளில் வெறும் இரைச்சல்தான் வெளுக்கும். வராத எதிரொலியை எந்தக் குமிழும் வரவழைக்காது.

ஜெல் போட்டும் இருள் தொடர்ந்தால் அங்கே முடி இருக்கிறதா என்று பாருங்கள். முடிக்கிடையே காற்று சிக்கிக்கொள்ளும். ஜெல்லைக் கையுறை விரலால் தோலில் தேய்த்துப் பிறகு புரோபை வைக்க வேண்டும். புட்டியைக் குலுக்கிப் பிதுக்குவதும் வேண்டாம், குமிழ்கள் அத்தனையும் படத்தில் வந்து உட்காரும். கணுக்கால் போன்ற மேடுபள்ளத்தில் ஜெல்லைக் குவியலாக வைத்து, அதன் மேல் புரோப் மிதப்பதைப் போலப் பிடிப்பதே நல்லது. அவசரத்துக்கு எண்ணெய் தடவுபவர்களையும் கண்டிருக்கிறேன்; பல புரோபுகளின் முகப்பு ரப்பரை அது கெடுக்கும்.

இனி அழுத்தம். படுத்திருப்பவரின் தொடைச் சிரையில் இரத்த அழுத்தம் சுமார் 10 மில்லிமீட்டர் பாதரசம்தான். பக்கத்துத் தமனியிலோ 100-ஐ ஒட்டி. அயர்ந்த கையின் எடையே சிரையை மூடப் போதும், தமனி நசுங்காமல் துடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மாணவிக்கு ஒன்று தெரிந்தது, மற்றது மறைந்தது. புரோபை அடிப்பக்கமாகப் பிடித்து, சுண்டுவிரலை நோயாளியின் தோலில் ஊன்றிக்கொண்டால் எடை விரலுக்குப் போகும், புரோப் ஜெல்லின் மேல் நிற்கும். வீங்கிய மூட்டில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பார்க்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். கனத்த கை சிறு குழாய்களை மூடி, அழற்சியே இல்லை என்று காட்டிவிடும்.

ஆனால் கால் சிரைப் பரிசோதனையில் அதே அழுத்தம்தான் ஆயுதம். புதிதாக உறைந்த இரத்தமும் திரையில் கருப்பாகவே தெரியலாம், கண்ணை நம்ப முடியாது. சிரையை வேண்டுமென்றே நசுக்கிப் பார்க்கிறோம்: வெறும் இரத்தமென்றால் சுவர்கள் முழுதாக ஒட்டிக்கொள்ளும், உறைவு இருந்தால் ஒட்டாது. இங்கே தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. சிரையை நீளவாக்கில் வைத்து அழுத்தினால் புரோப் பக்கவாட்டில் வழுக்கிவிடும்; சிரை படத்தைவிட்டு விலகியதை மூடிக்கொண்டதாக எண்ணி, உறைவைத் தவறவிடுவோம். எப்போதும் குறுக்குவெட்டில், நேர் கீழாக அழுத்த வேண்டும். போதுமான அளவு அழுத்தினோமா என்பதற்குப் பக்கத்துத் தமனியே அளவுகோல். தமனி உருக்குலையத் தொடங்கியும் சிரை மூடவில்லை என்றால் அதற்குமேல் அழுத்திச் சோதிக்க ஒன்றுமில்லை.

அந்த மாணவிக்கு வருவோம். தொடையின் உட்பக்கம் நெடுக ஜெல்லை நீளமாகப் பூசினார். இருள் போயிற்று. கையைத் தளர்த்தியதும் சிரை வட்டமாக நின்றது. அழுத்தியதும் மூடியது, விட்டதும் விரிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை அழுத்தியும் விட்டும் கீழே இறங்கினார். முழங்காலின் பின்பள்ளத்தில் சிரை அரைகுறையாக நெளிந்ததோடு சரி. தமனி நீள்வட்டமாகச் சப்பையாகியும் சிரையின் சுவர்கள் ஒட்டவில்லை. உறுதி செய்துகொள்ள அவர் இன்னொரு முறை அழுத்தப் போனார். வேண்டாம் என்றேன். உள்ளே இருப்பது உறைவு என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பத் திரும்ப நசுக்கக் கூடாது. பிய்ந்தால் அது நுரையீரலுக்குப் போகும். படத்தைச் சேமித்துவிட்டு மருத்துவரை அழைத்தோம்.