ஒரே செய்தி, இரண்டு கடிதங்கள்: முதிய பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் தமிழில் எழுதும் முறை

காப்பீட்டு அலுவலகத்தில் கடிதப் பிரிவுக்குப் புதிதாக வருபவரின் கையில் முதலில் வந்து விழுவது பெரும்பாலும் புதுப்பித்தல் நினைவூட்டல்தான். உங்கள் மேசையில் இன்று இரண்டு கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் 74 வயது அம்மையாரின் மருத்துவக் காப்பீடு. அது 2026 மார்ச் 10 நள்ளிரவோடு முடிந்துவிட்டது. மற்றொன்று, 140 தொழிலாளர்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்திருக்கும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்துடையது. அது மார்ச் 31 நள்ளிரவோடு முடியப்போகிறது. இரண்டிலும் பிரீமியம் இன்னும் வரவில்லை.

கணினியில் இருக்கும் மாதிரிக் கடிதம் இருவருக்கும் இப்படித்தான் அச்சாகும்:

“அன்புள்ள வாடிக்கையாளரே, நீங்கள் பிரீமியம் செலுத்தத் தவறிவிட்டீர்கள். உடனடியாகச் செலுத்தவும். தவறினால் பலன்கள் மறுக்கப்படும்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மையாருக்கு இது அதட்டலாகப் படும். நிறுவனத்தின் மனிதவள மேலாளருக்கோ எந்தப் பாலிசி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்று எதுவுமே தெரியாது. இந்த ஒரு கடிதத்தை இரண்டாகப் பிரித்து எழுதுவதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: சொல்ல வேண்டியதைத் தனித்தாளில் எழுதுங்கள்

மரியாதைச் சொற்களைத் தேடும் முன், செய்தியை மொட்டையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மையாருக்கு: ஆண்டுப் பிரீமியம் செலுத்தும் மருத்துவக் காப்பீட்டில் முடிவு தேதிக்குப் பிறகு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அவருக்கு அது ஏப்ரல் 9 வரை. அதற்குள் கட்டினால், முன்பே இருந்த நோய்களுக்கு இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனால் பணம் வராத இடைப்பட்ட நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவுக்குக் காப்பீடு இல்லை.

நிறுவனத்துக்கு: 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், பிரிவு 64விபி-யின்படி பிரீமியத்தை முன்கூட்டிப் பெறாமல் காப்பீட்டாளர் பொறுப்பேற்க முடியாது. எனவே மார்ச் 31க்குள் தொகையும் தொழிலாளர் பட்டியலும் வர வேண்டும்.

இந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். கடைசிப் படியில் இது தேவைப்படும்.

படி 2: விளிப்பு

முதியவர்களுக்கு எழுதும்போது அதிகம் தவறுவது இங்கேதான். “அன்புள்ள முருகேசன்” என்று தொடங்கினால், 74 வயதுக்காரரை முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைத்ததாகிவிடும். தமிழில் ‘அன்புள்ள’ என்ற சொல்லோடு பெயரைச் சேர்த்து எழுதும் உரிமை நெருங்கியவர்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் உரியது. “திரு. முருகேசன் அவர்களே” என்பதும் பொருந்தாது. அது மேடைப்பேச்சு. பெயர் பெறுநர் பகுதியில் ‘திரு.’ அல்லது ‘திருமதி’யோடும் ‘அவர்கள்’ என்ற சொல்லோடும் வரட்டும். விளிப்பில் பெயரே வேண்டாம்: “மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.” அல்லது “மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.” அவ்வளவு போதும். ‘அம்மையீர்’ தவறல்ல. ஆனால் அலுவலக வாடை வீசும் சொல் அது. ‘அம்மா’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, வீட்டு வாசலில் நின்று பேசும் இயல்பும் இருக்கிறது.

“ஐயா / அம்மையீர்” என்று சாய்கோடு போட்டு இரண்டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். என் தந்தை காலமான பிறகு என் தாயாருக்கு ஒரு கடிதம் அப்படித்தான் வந்தது. உறையில் ‘திரு.’ என்றிருந்தது, உள்ளே சாய்கோடு இருந்தது. “இது எனக்கில்லை” என்று அம்மா அதை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் நான் பார்த்தேன். அதில் அவர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய படிவம் இருந்தது. ஆகவே கடிதம் எழுதும் முன் கோப்பைத் திறந்து, இப்போது பாலிசிதாரர் யார் என்று பாருங்கள். கணவர் இறந்திருந்தாலும் அவர் ‘திருமதி’தான். கணவரைக் குறிப்பிட நேர்ந்தால் “காலஞ்சென்ற தங்கள் கணவர்” என்று எழுதுங்கள்.

நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. பெறுநர் பகுதியில் பதவியை முதலில் எழுதுங்கள்: ‘மனிதவள மேலாளர் அவர்கள்’. நாளை ஆள் மாறினாலும் கடிதம் உரிய மேசைக்குப் போய்ச் சேரும். விளிப்பு “அன்புடையீர், வணக்கம்.” ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்ற கேள்வியே எழாத சொல் அது.

படி 3: தாங்கள், தங்கள், எங்கள்

இருவருக்கும் ‘தாங்கள்’ பொருந்தும். ஒரு பத்தியில் ‘தங்கள்’, அடுத்த பத்தியில் ‘உங்கள்’ என்று மாறினால், மூத்தவர்கள் உடனே கவனிப்பார்கள். மரியாதை பாதி வழியில் இறங்கிப் போனதுபோல் இருக்கும். தொடங்கியதையே முடிவுவரை கொண்டுசெல்லுங்கள். நம் அலுவலகத்தைக் குறிக்க ‘எங்கள்’ என்றே எழுதுங்கள். ‘நமது நிறுவனம்’ என்றால் படிப்பவரையும் அதில் சேர்த்துவிடுகிறோம்.

நிறுவனக் கடிதத்தில் ‘தங்கள்’ ஒரு பொறி வைக்கும். “தொழிலாளர்கள் தங்கள் குடும்பத்தினரின் விவரங்களை அனுப்ப வேண்டும்” என்ற வாக்கியத்தைப் பாருங்கள். யாருடைய குடும்பம்? தொழிலாளர்களுடையதா, கடிதத்தைப் படிக்கும் மேலாளருடையதா? ‘தங்கள்’ இரண்டுக்கும் வரும். “தொழிலாளர்களின் குடும்பத்தினர் விவரங்களைத் தாங்கள் அனுப்ப வேண்டும்” என்று பிரித்து எழுதினால் ஐயம் இல்லை. நிறுவனம் எழுவாயாக வந்தால் வினை அஃறிணையில் முடிய வேண்டும்: ‘தங்கள் நிறுவனம் செலுத்தியது’. மரியாதை கருதி ‘செலுத்தினார்கள்’ என்று எழுத வேண்டியதில்லை.

படி 4: கேட்கும் விதம்

‘செலுத்தவும்’ என்பது படிவத்திலும் அறிவிப்புப் பலகையிலும் இருக்கத் தக்கது. ஒரு பெரியவரிடம் அதைச் சொன்னால் கட்டளை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ இன்னும் மோசம். கேட்பவர் யார் என்பதையே அது மறைத்துவிடுகிறது. ‘செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் கேட்பவர் முன்னால் வந்து நிற்கிறார். ஆனால் இதையும் வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டால் மனு படிப்பதுபோல் ஆகிவிடும். முக்கியமான வேண்டுகோளுக்கு ஒருமுறை அதைப் பயன்படுத்திவிட்டு, மற்றவற்றுக்கு ‘அழையுங்கள்’, ‘சொல்லுங்கள்’ என்று இயல்பாக எழுதலாம். நிறுவனத்துக்கும் ‘கேட்டுக்கொள்கிறோம்’ ஒருமுறை போதும். கேட்கும் பொருட்கள் பல என்றால் கீழே எண்ணிட்டு எழுதிவிடலாம்.

படி 5: கசப்பான வரி

இடைப்பட்ட நாட்களில் காப்பீடு இல்லை என்பதை அந்த அம்மையாரிடம் எப்படிச் சொல்வது? புதியவர்கள் இங்கே இரண்டு வகையில் தவறுகிறார்கள். சிலர் ‘பலன்கள் மறுக்கப்படும்’ என்று மிரட்டுகிறார்கள். சிலர் மரியாதை என்று எண்ணி “சில சிரமங்கள் நேரக்கூடும்” என்று பூசி மெழுகுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. சலுகைக் காலம் இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருந்துவிட்டு, ஏப்ரல் 3ஆம் தேதி மருத்துவமனையில் சேர்ந்தால் என்ன ஆகும்? அவரை ஏமாற்றியது நம் கடிதம்தான்.

குற்றத்தை அவர் தலையில் வைக்காமல் உண்மையைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. எழுவாயை மாற்றுங்கள். “தாங்கள் செலுத்தவில்லை” என்பதற்குப் பதில் “பிரீமியம் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை”. அவர் அனுப்பியும் வராமல் இருந்திருக்கலாம் அல்லவா? தடை விதிக்கும் இடத்திலும் இதே முறைதான். “ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது” என்று அவருக்கு ஆணையிடுவதற்குப் பதிலாக, “எங்கள் ஊழியர் எவரும் தங்களிடம் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், யாராவது கேட்டால் அவர் எங்கள் ஊழியர் அல்லர்” என்று தடையை நம் பக்கம் வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை குறையவில்லை, அதட்டல் போய்விட்டது.

படி 6: முழுக் கடிதங்கள்

அம்மையாருக்கு (எழுத்தளவு 14, தேதியோடு கிழமையும்):

> திருமதி ………… அவர்கள்,
> கும்பகோணம்.
>
> மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.
>
> தங்கள் மருத்துவக் காப்பீட்டு பாலிசி (எண் …………) மார்ச் 10, செவ்வாய்க்கிழமை நள்ளிரவோடு முடிந்துவிட்டது. இந்த ஆண்டுக்கான பிரீமியம் ரூ. ……… எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.
>
> ஏப்ரல் 9, வியாழக்கிழமைக்குள் செலுத்தினால் தங்கள் பாலிசி தொடர்ச்சி அறாமல் இருக்கும். ஆனால் பணம் வந்து சேரும்வரை உள்ள நாட்களில் ஏற்படும் மருத்துவச் செலவுக்குக் காப்பீடு கிடைக்காது. ஆகவே கடைசி நாள்வரை காத்திராமல், இயன்ற அளவு விரைவில் செலுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.
>
> முன்பே செலுத்தியிருந்தால், ரசீது எண்ணை மட்டும் எங்களிடம் சொல்லுங்கள். பாலிசியில் அச்சிட்டுள்ள எண்ணில் எங்களை அழைக்கலாம். எங்கள் ஊழியர் எவரும் தங்களிடம் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், யாராவது கேட்டால் அவர் எங்கள் ஊழியர் அல்லர்.
>
> தங்கள் உண்மையுள்ள,

நிறுவனத்துக்கு:

> மனிதவள மேலாளர் அவர்கள்,
> ………… நிறுவனம், திருப்பூர்.
>
> பொருள்: குழு மருத்துவக் காப்பீடு எண் …………, 1.4.2026 முதல் புதுப்பித்தல் – தொடர்பாக
> பார்வை: எங்கள் விலைப்புள்ளிக் கடிதம், நாள் …………
>
> அன்புடையீர், வணக்கம்.
>
> மேற்கண்ட பாலிசி 31.3.2026 நள்ளிரவில் முடிகிறது. பிரிவு 64விபி-யின்படி பிரீமியம் வரப்பெற்ற பின்னரே எங்களால் பொறுப்பேற்க இயலும். எனவே கீழ்க்கண்டவை 31.3.2026க்குள் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்:
>
> 1. பிரீமியம் ரூ. ………
> 2. புதிதாகச் சேர்ந்தோர், விலகியோர் உட்படத் திருத்திய தொழிலாளர் பட்டியல்
>
> அதற்குள் தொகை வராவிடில் 1.4.2026 முதல் தொழிலாளர்கள் 140 பேருக்கும் காப்பீடு இராது.
>
> தங்கள் உண்மையுள்ள,

இரண்டாவது கடிதத்தின் கடைசி வரி உங்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். மென்மையாக்க வேண்டாம். அந்த மேலாளர் இதே கடிதத்தைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பித்தான் பணம் வாங்குவார். அங்கே அவருக்குத் துணை நிற்கப்போவது அந்த வரிதான். “தங்கள் மேலான ஒத்துழைப்பை என்றும் நாடும்” போன்ற தொடர்கள் அவருக்கு உதவாது.

படி 7: வாய்விட்டுப் படியுங்கள்

முதல் கடிதத்தை, கண்ணாடி தேடும் ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து படித்துக் காட்டுவதுபோல் மெதுவாகப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். இரண்டாவதைப் படிக்க வேண்டியதில்லை. எண்களையும் தேதிகளையும் மட்டும் கோப்போடு ஒப்பிட்டால் போதும். பிறகு முதல் படியில் எழுதிய தனித்தாளை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் கடிதத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே எழுதிய அம்மையாரின் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது: ‘தொடர்ச்சி அறாமல்’ என்றால் என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? “முன்பே இருந்த நோய்களுக்காகத் தாங்கள் இதுவரை காத்திருந்த காலமும் கணக்கில் நிற்கும்” என்ற வரியை அந்த இடத்தில் சேர்த்த பிறகு உறையை ஒட்டுங்கள்.