ஜெர்மன் பன்மை: வாலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்

ஜெர்மனில் பன்மைக்கு எ, என், எர், எஸ் என்று பல விகுதிகள் உண்டு. சில சொற்கள் மாறாமலே நிற்கும். இந்தப் பட்டியலை உருப்போடுவதுதான் முதல் தவறு. எந்தச் சொல்லுக்கு எது என்பதைப் பட்டியல் சொல்லாது. முதலில் சொல்லின் இனத்தைக் காட்ட அதற்கு முன்னால் நிற்பது டேர், டி, டாஸ் மூன்றில் எதுவென்று பாருங்கள். அப்புறம்தான் வால்.

ஒரு காய்கறிச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். வெங்காயம் 'டி ட்ஸ்வீபல்', உருளைக்கிழங்கு 'டி கார்டோஃபல்', தக்காளி 'டி டொமாட்டெ'. மூன்றும் 'டி' இனம் என்பதால் கடைசியில் 'ன்' சேரும்: ட்ஸ்வீபல்ன், கார்டோஃபல்ன், டொமாட்டென். ஆப்பிளும் 'அல்' என்றுதான் முடிகிறது. ஆனால் அது 'டேர் அப்ஃபல்'. அதனால் 'ன்' கிடையாது.

டேர், டாஸ் இனத்தில் அல், அர், என் என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் எந்த விகுதியும் ஏற்பதில்லை. ஆசிரியர் 'டேர் லேரர்', ஆசிரியர்கள் 'டி லேரர்', அவ்வளவுதான். பன்மையில் எந்த இனத்துக்கும் முன்னால் 'டி'தான் வரும், சொல் மாறவில்லை. ஆப்பிள், அப்பா, சகோதரன் போன்ற சில சொற்களில் மட்டும் நடு உயிரின் தலையில் இரட்டைப் புள்ளி ஏறும்: அப்ஃபல், எப்ஃபல் ஆகும். 'டி' இனத்தில் அம்மாவும் மகளும் இப்படித்தான் புள்ளி பெறுவார்கள். இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

புள்ளி விஷயத்தில் நம்பக்கூடிய விதிகள் இரண்டு. பன்மைக்கு 'எர்' சேர்ந்தால், புள்ளி ஏற்கக்கூடிய உயிர் அதைக் கட்டாயம் ஏற்கும். டாஸ் பூஹ் (புத்தகம்) 'ப்யூஹர்' ஆவது அப்படித்தான். 'என்' சேர்ந்தால் புதிதாகப் புள்ளி வராது. முட்டைக்கும் 'எர்'தான் சேரும், ஆனால் அதில் புள்ளி ஏற்க இடமில்லை. 'டாஸ் ஐ' நேராக 'ஐயர்' ஆகிவிடும். சிரிக்க வேண்டாம், உச்சரிப்பே அதுதான்!

ஆங்கிலப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'ஸ்' போடுவது அடுத்த தவறு. அது முக்கியமாகக் கார் 'ஔட்டோ', கைபேசி 'ஹெண்டி' போல முழு உயிரொலியில் முடியும் சொற்களுக்கும், ஹோட்டல் போன்ற சில இரவல் சொற்களுக்கும்தான். கம்ப்யூட்டர் இரவல் சொல்தானே என்று 'ஸ்' சேர்த்தால் தப்பு. அது டேர் இனம், 'அர்' என்று முடிகிறது, எனவே மாறாது.

கடைசித் தவறு தமிழிலிருந்து வருவது. நாம் 'மூணு ஆப்பிள்' என்றே பேசிப் பழகியதால், ஜெர்மனிலும் 'ட்ரை அப்ஃபல்' என்று வாயில் வந்துவிடும். அங்கே எண்ணுக்குப் பின்னும் பன்மை வேண்டும்: 'ட்ரை எப்ஃபல்'. ஆனால் அளவும் காசும் விலக்கு. இரண்டு கிலோவை 'ட்ஸ்வை கீலோ', மூன்று யூரோவை 'ட்ரை ஒய்ரோ' என்று ஒருமையிலேயே சொல்வார்கள். கடையில் காபி கேட்கும்போதும் 'ட்ஸ்வை கஃபே' போதும். கோப்பையைச் சொன்னால் மட்டும், அது 'டி டஸ்ஸெ' என்பதால், 'ட்ஸ்வை டஸ்ஸென் கஃபே' என்று 'ன்' வந்துவிடும்.