ஒரு வருகைக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது?

குழு வகுப்புகள் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வணிகத் திட்டம் எழுதுவோர், 12 இடங்கள் கொண்ட வகுப்பின் வருவாயை 12 ஒற்றை வகுப்புக் கட்டணங்களாகவே எழுதிவிடுவதுண்டு. மாதச் சந்தா அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

ஒற்றை வகுப்புக் கட்டணம் 10, வரம்பில்லா மாதச் சந்தா 72 என்று வைத்துக்கொண்டால், மாதம் 12 முறை வரும் உறுப்பினரின் ஒவ்வொரு வருகைக்கும் 6 மட்டுமே கிடைக்கிறது. பயிற்சியாளருக்கு வகுப்பொன்றுக்கு 36 கொடுப்பதாயின், அத்தகைய உறுப்பினர்களில் முதல் 6 பேரின் பணம் அவருடைய ஊதியத்துக்கே சரியாகிவிடும். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 7ஆவது நபரிலிருந்துதான் சேரத் தொடங்கும்.

ரத்துகளையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வகுப்புத் தொகுப்பு வாங்கியவர் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அதில் ஒரு வகுப்பைக் கழித்துக்கொள்ளலாம். வரம்பில்லாச் சந்தாதாரரிடம் கழிப்பதற்கு எதுவும் இல்லாததால், அவர் தயக்கமின்றி இடம்பிடித்து வைத்துவிட்டு வராமலும் இருந்துவிடுவார். அவருடைய சந்தா எப்படியும் வந்துவிடும் என்பது உண்மையே, ஆயினும் அந்த இடத்துக்கு 10 கொடுக்கக் காத்திருந்தவர் திரும்பிப் போயிருப்பார். ஆகவே தாமத ரத்துக்கான சிறு கட்டணத்தை, சேரும்போதே கையெழுத்தாகும் விதிகளில் சேர்த்துவிடுவது நல்லது.

கட்டணமின்றி ரத்து செய்வதற்கான கெடுவையும் யோசித்தே வைக்க வேண்டும்: காலை 6 மணி வகுப்புக்கு 2 மணி நேரக் கெடு வைத்தால், அதிகாலை 4 மணிக்குக் காலியாகும் இடத்தைக் காத்திருப்போர் எவரும் பார்க்கப்போவதில்லை, 12 மணி நேரக் கெடுவாயின், முந்தைய மாலையிலேயே அந்த இடம் வேறொருவருக்குப் போய்ச் சேரும்.