கடைக்குக் கூலரா ஏசியா: வாங்க முதல் ஒரு ஈரத்துணிச் சோதனை

எங்கட கடை சுன்னாகத்தில், 10க்கு 12 அடி, போட்டோகொப்பியும் கொமினிக்கேஷனும். மேலே தகரக் கூரை. மத்தியானம் வெக்கை தாங்க முடியாமல் போக, கூலர் வாங்குவதா ஏசி பூட்டுவதா என்ற கேள்வி வந்தது. கேட்ட எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "யாழ்ப்பாணம் உலர் வலயம்தானே தம்பி, கூலரே காணும்." உலர் வலயம் என்பது வருடத்தில் எவ்வளவு மழை விழுகிறது என்பதை வைத்துப் பிரித்தது. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது வேறு கதை. குடாநாட்டைச் சுற்றிக் கடல், அந்தக் காற்றுத்தான் கடைக்குள்ளும் வருகிறது. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிராக்குகிறது, அதற்குத் தேவை காய்ந்த காற்று. எனவே விலையைப் பார்க்க முதல் காற்றை அளந்துபாருங்கள்.

படி 1: ஈரத்துணிச் சோதனை

ஃபார்மசியில் விற்கும் காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீற்றர் இதற்குச் சரிவராது. அறை வெப்பம் காட்டும் சாதாரண கண்ணாடித் தெர்மோமீற்றர் ஒன்று வாங்குங்கள். பின்னேரம் 2 மணிபோல், கூலரை எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்களோ அந்த இடத்தில், நிழலில், முதலில் அப்படியே பார்த்து எழுதுங்கள். அப்புறம் அதன் குமிழில் பழைய வேட்டித் துண்டோ பஞ்சுத் துணியோ ஒற்றைச் சுற்றாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, ஓடுகிற ஃபானுக்கு முன்னால் பிடியுங்கள். அளவு இறங்கி ஓரிடத்தில் நின்றதும் அதையும் எழுதுங்கள்.

பலருக்குப் பிழைக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நைலோன் கலந்த துணி தண்ணீரைப் பிடிக்காது, பஞ்சுத் துணியே வேண்டும். கூரைத் தாங்கியில் இருந்து வருகிற தண்ணீர் மத்தியானம் சுடும், ஆகவே நிழலில் வைத்து ஆறவிட்ட தண்ணீரைப் பாவியுங்கள். ஃபான் இல்லாமல் பிடித்தால் அளவு முழுதாக இறங்காது. ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு எடுக்கவும் கூடாது, ஐந்து நிமிடமாவது விடுங்கள், ஆனால் துணி காயத் தொடங்கினால் அளவு திரும்ப ஏறும், அதற்கு முதல் பார்க்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் மலிவான டிஜிட்டல் பெட்டியை நான் நம்புவதில்லை, ஒரே கடையில் வாங்கிய இரண்டை அருகருகே வைத்தாலே வேறு வேறு சொல்லும்.

படி 2: கழித்துப் பாருங்கள்

எங்கட கடையில் காய்ந்த அளவு 33 பாகை, ஈரத்துணி அளவு 27. வித்தியாசம் 6. எவ்வளவு நல்ல கூலரும் ஈரத்துணி அளவுக்குக் கீழே காற்றைக் குளிராக்காது. கடைகளில் விற்கிற சின்னக் கூலர் அந்த வித்தியாசத்தில் முக்கால்வாசியைக்கூட எட்டுவது கஷ்டம், 70 சதவீதம் என்று வையுங்கள். 6இல் 70 சதவீதம் 4.2. அப்படியென்றால் கூலரின் வாயில் இருந்து வரும் காற்று ஏறக்குறைய 29 பாகை, அதுவும் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய காற்று. முகத்துக்கு நேரே இருந்தால் சுகம். இரண்டடி தள்ளிப்போனால் வேர்வை காயாது, அதே புழுக்கம்தான். போட்டோகொப்பிக் கடைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கடதாசி ஈரம் இழுத்து ஓரம் சுருளும், மெஷினுக்குள் இரண்டு இரண்டாகப் போய் மாட்டும். துணிக்கடை, மாச்சாமான் விற்கிற கடைக்காரரும் இதை யோசிக்க வேண்டும்.

என் கணக்கு இது. வித்தியாசம் 10க்கு மேல் என்றால் யோசியாமல் கூலர் வாங்குங்கள். 7க்குக் கீழே என்றால் கூலர் என்ற பெயரில் விலை கூடின ஃபான்தான் வாங்குகிறீர்கள். இடைப்பட்டதென்றால் கடை எவ்வளவு திறந்தது என்பதைப் பாருங்கள். சோளகம் அடிக்கிற காலத்தில் மட்டும் அளந்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள், சித்திரை, வைகாசியில் காற்று அசையாமல் நிற்கும்போதும் ஒருமுறை அளவுங்கள், ஏனென்றால் உங்களுக்குக் குளிர் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.

படி 3: கடையின் வாசல்

கூலருக்குக் காற்று வெளியே போக வழி வேண்டும். பின் யன்னலில் வெளிக்காற்றை இழுக்கிறமாதிரி வைத்து, முன் ஷட்டரைத் திறந்து விடவேண்டும். மூடிய கடைக்குள் நடுவில் வைத்தால் தன் ஈரத்தையே திரும்பத் திரும்பச் சுற்றி அறையை அவிக்கும். ஏசிக்கு நேரெதிர், கடையை மூடவேண்டும். முன்பக்கம் முழுதும் திறந்த கடையென்றால் அலுமினியப் பார்டிஷனும் கண்ணாடிக் கதவும் போடுகிற காசையும் ஏசி விலையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். நிமிடத்துக்கொருவர் வந்துபோகிற பலசரக்குக் கடைக்கு ஏசி பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 4: கரண்ட் கணக்கு

கூலர் 150 வாற் என்று வைத்து, நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள்: 39 அலகு. 12,000 BTU இன்வேர்ட்டர் ஏசியை 26 பாகையில் வைத்து மேலே ஃபானையும் ஓடவிட்டால் சராசரியாக 0.8 கிலோவாற் என்று எடுக்கலாம், அதே மணிக்கணக்குக்கு 208 அலகு. ஒரு அலகு 30 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தால் 1,170 ரூபாயும் 6,240 ரூபாயும். விலை அடிக்கடி மாறுகிறபடியால் உங்கள் கடைசி பில்லில் உள்ளதைப் போட்டுப் பெருக்குங்கள்.

ஆனால் பில்லில் இன்னொன்றைப் பார்க்கவேண்டும். சின்னக் கடைகளின் பொதுத் தேவைக் கட்டணத்தில் மாதம் 180 அலகு ஒரு எல்லை. அதைத் தாண்டினால் அலகு விலையும் நிலையான கட்டணமும் ஏறும். எங்கட கடை ஏசி இல்லாமலே 90 அலகு எடுக்கும். நாள் முழுக்க ஏசி போட்டால் 298, எல்லையைத் தாண்டி எங்கேயோ போகும். மத்தியானம் 12 முதல் 4 வரை மட்டும் போட்டால் 83 அலகு, மொத்தம் 173. மயிரிழைதான், ஆனால் எல்லைக்குள் நிற்கும். நாங்கள் இதைத்தான் செய்கிறோம்: காலையிலும் பின்னேரத்திலும் ஃபான், அந்த நாலு மணித்தியாலம் மட்டும் கதவைச் சாத்தி ஏசி. தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்த பிறகுதான் 12,000 BTU காணுமாக இருந்தது, சீலிங் இல்லாவிட்டால் மெஷின் ஓய்வில்லாமல் ஓடும்.

பிறகு சேர்த்தது

வவுனியாவில் இருந்து ஒரு அண்ணை அளந்து அனுப்பினார்: 36, ஈரத்துணி 25. வித்தியாசம் 11, ஆகவே கூலர் காற்று 28 பாகை வரை இறங்கும், வெளிக்காற்றை விட 8 பாகை குறைவு. அவருக்குக் கூலர்தான் சரி, நான் ஏசி வாங்கச் சொல்லவில்லை.

கூலர் தண்ணீரில் ஐஸ் போட்டால் என்ன என்று இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். 2 கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கிற வெப்பத்தை 12,000 BTU ஏசி ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் எடுத்துவிடும். ஒரு லீற்றர் தண்ணீரில் மூன்றிலொரு பங்கு ஆவியாகப் போனாலே அதே அளவு குளிர் வரும். ஐஸ் காசு வீண்.

கூலர் வாங்குகிறவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கட மண் சுண்ணாம்புக்கல், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கூலருக்குள் தண்ணீரில் நனைகிற பாட் மேலும் படியும். மணிக்கு 2, 3 லீற்றர் தண்ணீர் ஆவியாகிறது, சுண்ணாம்பு முழுதும் உள்ளேயே நிற்கிறது. பாட் வெள்ளையாகி ஓரங்கள் நனையாமல் வறண்டு நின்றால் காற்று அந்தப் பக்கமாக ஓடும், குளிர் குறையும். மீதித் தண்ணீரை ஒவ்வொரு இரவும் முழுதாக ஊற்றிவிட்டுக் காலையில் புதிதாக நிரப்புங்கள், சவர்த்தண்ணியென்றால் கூலரே வேண்டாம்.