வாரத்துக்கு எத்தனை செட்? என் மார்புக்கு 12

ஜிம்மில் மார்புத் தசைக்கு வாரம் 10 முதல் 20 செட் என்பார்கள். நான் 18 போட்டேன். பெஞ்ச் பிரஸ்ஸில் 70 கிலோவை 6 முறைக்கு மேல் தூக்க முடியவில்லை; சட்டை மாட்டும்போதுகூடத் தோள் வலித்தது.

சரி, சோதித்தே பார்ப்போம் என்று ஆறு வாரக் கட்டங்களாகப் பிரித்தேன். சாப்பாடு, தூக்கம், பயிற்சிகள் எல்லாம் அப்படியே. செட் எண்ணிக்கை மட்டும் மாறும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு வாரம் பாதி செட், அப்புறம் அதே 70 கிலோவில் சோதனை. அந்த வாரத்தை விட்டால், சேர்ந்திருக்கும் களைப்பு உண்மையான பலத்தை மறைத்துவிடும்.

8 செட்டில் 7 முறை வந்தது. 12 செட்டில் 10 முறை, தோள் வலியும் போனது. 16 செட்டில் நான்காம் வாரமே எடை கனத்தது, சோதனையில் 9தான். சந்தேகம் தீர மறுபடி 12 செட் போட்டேன். 11 முறை தூக்கினேன். கால்களுக்கு இந்த எண் போதவில்லை, அதைத் தனியாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.