ஒரே அடைப்புக்குறிக்குள் நான்கு நூல்கள்: எதை முதலில் எழுதுவது?

பெங்களூரைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவரின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் வளர்ச்சியைப் பலரும் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதற்குச் சான்றாக ஜேம்ஸ் ஹைட்ஸ்மன் (2004), ஹரிணி நாகேந்திரா (2016), ஜானகி நாயர் (2005), ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் (2001) ஆகிய நால்வரின் நூல்களையும் அந்த வாக்கியத்தின் முடிவிலேயே குறிப்பிட வேண்டும். யாரை முதலில் எழுதுவது என்பதை நூல்கள் சொல்லாது, நீங்கள் பின்பற்றும் மேற்கோள் நடைதான் சொல்லும். அதனால் துறை எந்த நடையைக் கேட்கிறது, அதில் எத்தனையாவது பதிப்பு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடையான ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பு என்றால் குழப்பமில்லை. ஆய்வேட்டின் இறுதியில் உள்ள நூற்பட்டியலில் பெயர்கள் எந்த அகரவரிசையில் வருகின்றனவோ, அடைப்புக்குறிக்குள்ளும் அதே வரிசை. ஆண்டு எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

```
(Heitzman, 2004; Nagendra, 2016; Nair, 2005; Srinivas, 2001)
```

நாகேந்திராவும் நாயரும் ஒரே இரண்டு எழுத்துகளில் தொடங்குவதால், மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: `g` முன்னால், `i` பின்னால். ஒவ்வொரு நூலுக்கும் இடையில் அரைப்புள்ளி, பெயருக்கும் ஆண்டுக்கும் இடையில் காற்புள்ளி. நாயரின் 1998 நூலையும் சேர்த்தால் பெயரை மறுபடி எழுதக் கூடாது. ஆண்டுகளை மட்டும் பழையதிலிருந்து புதியதாக, காற்புள்ளியிட்டு அடுக்குங்கள்:

```
(Nair, 1998, 2005; Srinivas, 2001)
```

இதே ஆய்வேட்டைத் தமிழில் எழுதினால் வரிசை மாறிவிடும். தமிழ் அகரவரிசையில் கிரந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னால் வருவதால், நாகேந்திரா, நாயர், ஸ்ரீநிவாஸ், ஹைட்ஸ்மன் என்று ஹைட்ஸ்மன் கடைசிக்குப் போகிறார். ஆங்கில வரிசையை அப்படியே தமிழுக்கு எடுத்துவருவது பலர் செய்யும் தவறு.

அறிவியல் துறைகளில் ஆண்டு வரிசையை அதிகம் பார்க்கலாம். சி.எஸ்.இ. கையேட்டின் 8ஆம் பதிப்பில் உள்ள பெயர்-ஆண்டு முறை பழைய நூலை முதலில் வைக்கச் சொல்கிறது. ஒரே ஆண்டு நூல்கள் இருந்தால் மட்டும் அகரவரிசை. பெயருக்கும் ஆண்டுக்கும் இடையில் காற்புள்ளியும் கிடையாது:

```
(Srinivas 2001; Heitzman 2004; Nair 2005; Nagendra 2016)
```

ஒரு கருத்து எப்படி வளர்ந்தது என்று காட்டும் பத்திக்கு இந்த வரிசை நன்றாகப் பொருந்தும். ஹார்வர்டு என்ற பெயரில் வழங்கும் நடைக்குப் பொதுவான ஒரே கையேடு இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒன்று வைத்திருக்கும். உங்கள் நிறுவனத்தின் வழிகாட்டியை மட்டும் நம்புங்கள்.

கவனம் அதிகம் தேவைப்படுவது முக்கியத்துவ வரிசைக்குத்தான். சிகாகோவின் ஆசிரியர்-ஆண்டு முறை (17ஆம் பதிப்பு) அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. உங்கள் வாதம் பெரும்பாலும் நாயரின் நூலை நம்பியிருந்தால் அதை முதலில் எழுதலாம். அப்படி எந்தக் காரணமும் இல்லாதபோது அகரவரிசையோ ஆண்டு வரிசையோ போதும். ஆனால் ஏ.பி.ஏ.வில் முதன்மையான நூலை முன்னால் கொண்டுவந்தால், அது ஏன் முன்னால் நிற்கிறது என்று வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது `see also` என்ற தொடர். அதற்குப் பின்வருபவை மறுபடி அகரவரிசையில் நிற்கும்:

```
(Nair, 2005; see also Heitzman, 2004; Nagendra, 2016; Srinivas, 2001)
```

மேற்கோள்களைத் தொகுத்துச் செருக உதவும் மென்பொருளான ஜோடெரோவில் இதைச் செய்யும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு நூல்களையும் ஒரே மேற்கோள் பெட்டியில் சேருங்கள். தனித்தனியாகச் செருகினால் நான்கு அடைப்புக்குறிகள் வரும். ஹைட்ஸ்மன் பெயரைச் சொடுக்கி, `Prefix` கட்டத்தில் `see also` என்று இடுங்கள். பிறகு `Keep Sources Sorted` தேர்வை நீக்கிவிட்டு, நாயரை இழுத்து முன்னால் வையுங்கள். தேர்வை நீக்க மறந்தால் மென்பொருள் அகரவரிசைக்கே திரும்பிவிடும், முன்னொட்டும் ஹைட்ஸ்மனோடு ஒட்டிக்கொண்டே போகும்:

```
(see also Heitzman, 2004; Nagendra, 2016; Nair, 2005; Srinivas, 2001)
```

`see also` அடைப்புக்குறியின் தொடக்கத்திலேயே நின்றால், காரணம் இதுதான். அந்தத் தேர்வே கண்ணில் படவில்லையா? நீங்கள் எடுத்திருக்கும் நடை அடைப்புக்குறிக்குள் எந்த வரிசையையும் கட்டாயப்படுத்தவில்லை என்று பொருள். அப்போது நீங்கள் வைத்த வரிசையே அச்சாகும், அதனால் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பு. ஆய்வேட்டின் நடுவில் நடையை மாற்றினால், இப்படிக் கையால் வரிசைப்படுத்திய அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேர்வை நீக்கிய இடங்களில் புதிய நடையின் வரிசை தானாக வந்து சேராது.